ராகு தசையில் சந்திர புத்தி: ஒரு கல்யாணத்துக்குக் காலம் குறித்ததும் அதில் நான் தவறியதும்

காங்கேயம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெண்ணின் சாதகத்தை 2018 ஐப்பசியில் முதன்முதலாக என்னிடம் கொண்டுவந்தார்கள், 2023 தை மாதம் கல்யாணம் நடந்தது. நடுவில் நாலே கால் வருஷம். அந்த நாலே கால் வருஷத்தில் நான் இரண்டு முறை காலம் சொன்னேன், ஒருமுறை தவறியது, ஒருமுறை பலித்தது. பலித்த முறையிலும் எனக்கு உறுத்தலாக ஒரு விஷயம் இருக்கிறது. தசா புத்தி பார்த்து கல்யாண காலம் சொல்கிற மற்றவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் வாங்கியிருக்கிறேன், பெயரும் பிறந்த தேதியும் மட்டும் இல்லை.

பின்னணி

பெண் பிறந்தது 1994 ஆவணி, இரவு 8 மணி 10 நிமிடம், தாராபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில். மீன லக்னம், ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம். லக்னத்துக்கு ஏழாம் வீடான கன்னியில் சுக்கிரன் நீசம். ஏழுக்குடைய புதன் ஆறில், சிம்மத்தில், சூரியனோடு. லக்னாதிபதி குரு எட்டில், துலாத்தில் ராகுவோடு. இரண்டில் கேது. செவ்வாய் நாலில், சனி பன்னிரண்டில். சாதகம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்ததுமே "தாமதம்" என்று சொல்லிவிடுவார்கள், எட்டில் ராகு இரண்டில் கேது என்று தோஷமும் சொல்வார்கள். சொன்னார்கள். அதனால் இரண்டு வருஷமாக வந்த சாதகத்தில் பாதி பொருத்தம் பார்க்கும் முன்பே திரும்பிப் போயிருந்தது.

பெண் இஞ்சினியரிங் முடித்து திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலையில் இருந்தாள். வயது 24. அம்மா கொண்டுவந்தது நீளவாட்டு சாதக நோட்டு, மஞ்சள் தடவிய அட்டை, உள்ளே ஊர் ஜோசியர் ஒருவர் கையெழுத்தில் எழுதியது. கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க, எப்பத்தானுங்க அமையும்?"

முதல் கணிப்பு, அது ஏன் அப்படி வந்தது

நோட்டில் எழுதியிருந்த இருப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கர்ப்பச் செல் போக சந்திர தசை இருப்பு 4 வருஷம் 7 மாதம் 18 நாள் என்று இருந்தது. அதன்படி பார்த்தால் ராகு தசையில் சுக்கிர புத்தி 2017 நவம்பரில் தொடங்கி 2020 நவம்பர் வரை. களத்திர காரகன் சுக்கிரன், ஏழாம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான், ராகு நிற்பதும் சுக்கிரன் வீட்டில். தசாநாதனுக்கு வீடு கொடுத்தவனே புத்திநாதன், அவன் இருப்பது ஏழில். நீசம் இடித்தது, ஆனால் கன்னிக்கு அதிபதியான புதன் சந்திரனுக்கு நாலில், கேந்திரத்தில் இருப்பதால் நீச பங்கம் என்று எடுத்துக்கொண்டேன். கோசாரத்தில் 2018 அக்டோபரில் குரு விருச்சிகத்துக்கு வந்திருந்தார், ரிஷப ராசிக்கு ஏழாம் இடம், நல்ல குரு பலம். அடுத்த ஐப்பசிக்குள் அமையும் என்று சொல்லிவிட்டேன்.

நான் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது இரண்டு. 2017 கடைசியிலிருந்து சனி தனுசில், ரிஷபத்துக்கு எட்டில், அதாவது அஷ்டமச் சனி. 2020 ஜனவரி வரைக்கும் அது போகவில்லை. இரண்டாவது, சுக்கிரன் அம்சத்திலும் கன்னியிலேயே இருந்தான். ராசியிலும் அம்சத்திலும் ஒரே இடம் என்றால் வர்க்கோத்தமம் என்று மகிழ்ச்சியாகச் சொல்வோம், ஆனால் அது நீச ராசியாக இருந்தால் நீசம்தானே உறுதிப்படுகிறது. பங்கம் என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இதைத் தாண்டிப் போனேன். மீன லக்னத்துக்கு சுக்கிரன் மூன்றுக்கும் எட்டுக்கும் உடையவன் என்பதும் சேர்ந்தால், அந்தப் புத்தி பேச்சைக் கொண்டுவரும், முடித்துக்கொடுக்குமா என்பது சந்தேகம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

2019இல் நடந்தது

ஆவணியில் ஒரு இடம் அமைந்தது. குலக் கூட்டம் வேறு, பொருத்தம் எட்டு, மாப்பிள்ளை வீடு பல்லடம் பக்கம். உறுதி வார்த்தை முடிந்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டினார்கள். பெண் வேலையை விட வேண்டும் என்று அந்தப் பக்கம் சொல்ல, இந்தப் பக்கம் முதலில் சரி என்று சொல்லி அப்புறம் பெண் ஒத்துக்கொள்ளாமல் போக, வார்த்தை தடித்து, கார்த்திகை பிறக்கும்போது எல்லாம் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் கொரோனா. 2021 ஆவணி வரை என்னிடம் அவர்கள் வரவில்லை, நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி வந்தபோது செய்தது

2021 ஆவணியில் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா அதிகம் பேசாதவர். "போனவாட்டி நீங்க சொன்னது நடக்கலீங்க, ஆனா பேச்சு வந்துச்சுங்க, அதனாலதான் மறுக்கா வந்தோம்" என்றார். அதைக் கேட்டபிறகு பழைய நோட்டையே பிரித்து அடுத்த புத்தியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்பிலிருந்து திரும்பப் போடலாம் என்று ஒரு நாள் கேட்டேன்.

தசையைக் கொண்டு காலம் சொல்வதில் எல்லாமே இந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறந்த நேரத்தில் சந்திரன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் போய்விட்டான், எவ்வளவு மீதி என்பதுதான் முதல் தசையின் இருப்பு. ரோகிணிக்குச் சந்திர தசை, மொத்தம் 10 வருஷம். திருக்கணிதப்படி அன்று ரோகிணி ஓடிய மொத்த நாழிகை 62, குழந்தை பிறந்தபோது மீதி 33. பத்தை 33ஆல் பெருக்கி 62ஆல் வகுத்தால் 5 வருஷம் 3 மாதம் 26 நாள். நோட்டு எழுதியவர் வாக்கியப் பஞ்சாங்கம் வைத்திருந்தார், அதில் மொத்தம் 61½, மீதி 28½, அதனால் அவருக்கு 4 வருஷம் 7 மாதம் 18 நாள் வந்தது. அவர் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை, நானே போட்டுப் பார்த்தேன். பஞ்சாங்கம்தான் வேறு. வித்தியாசம் 8 மாதம் சொச்சம்.

இந்த 8 மாதம் முதல் தசையோடு முடிந்துவிடாது. அதற்குப் பின்னால் வரும் செவ்வாய் 7, ராகு 18, குரு 16 எல்லாமே முழு வருஷங்கள், ஆகவே முதலில் விழுந்த வித்தியாசம் அப்படியே கடைசிவரை கூடவே நகர்ந்து வரும். சுக்கிர புத்தி வாக்கியப்படி 2017 நவம்பர் முதல் 2020 நவம்பர், திருக்கணிதப்படி 2018 ஜூலை முதல் 2021 ஜூலை. சந்திர புத்தி வாக்கியப்படி 2021 அக்டோபர் வாக்கில் தொடங்க வேண்டும், திருக்கணிதப்படி 2022 ஜூனில். பிறந்த நேரத்திலும் இதே சங்கதி உண்டு. இந்தச் சாதகத்தில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், தசையில் ஏறக்குறைய இரண்டு மாதம். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் தள்ளி எழுதியிருந்தாலே 24 நாள் போய்விடும். ரோகிணிக்குப் பத்து வருஷ தசை என்பதால் இந்த அளவு. திருவாதிரையிலோ பரணியிலோ பிறந்திருந்தால், ராகு 18, சுக்கிரன் 20 என்பதால், அதே பத்து நிமிடத்துக்கு இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நகரும். (வருஷத்துக்கு 360 நாளா 365 நாளா என்கிற பழைய வழக்கையும் சேர்த்தால் 28 வயதில் இன்னும் ஒரு ஐந்து மாதம் ஆடும். நான் 365 வைக்கிறேன், என் அப்பா கற்றுக்கொடுத்தது அப்படி.)

எந்த இருப்பு பொருந்துகிறது என்று பார்த்த விதம்

இரண்டு பஞ்சாங்கத்தில் எது சரி என்று வாதம் செய்ய நான் உட்காரவில்லை. நடந்து முடிந்ததை வைத்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் நடந்ததைக் கேட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டினால் எல்லாமே பொருந்துவதுபோல் தெரியும், ராகு தசையில் எது நடந்தாலும் ராகு என்று சொல்லிவிடலாம். அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டு, அம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெண் பிறந்ததிலிருந்து வீட்டில் நடந்த பெரிய காரியங்களை மாதத்தோடு எழுதச் சொன்னேன். ஞாபகத்துக்கு வராததற்குக் காகிதம் இருந்தால் எடுத்துவரச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு துணிப்பையில் டி.சி., ஆஸ்பத்திரி பில், பத்திர நகல் எல்லாம் வந்தது.

அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அவை விழுந்தது இரண்டு கணக்கும் மாறுபடுகிற இடத்தில் அல்லது அதற்கு ஒட்டி. முதலாவது, 2007 தையில் தறிக்குடோனை விற்றுவிட்டு குடும்பமே ஊரைவிட்டுத் திருப்பூருக்கு வந்தது. பெண்ணின் பள்ளி டி.சி.யில் தேதி இருந்தது. திருக்கணிதப்படி ராகு தசை 2006 டிசம்பர் கடைசியில் பிறக்கிறது, எட்டில் இருக்கிற ராகு, பிறந்து ஒரு மாதத்துக்குள் வீடே இடம் பெயர்ந்தது. வாக்கியப்படி அந்தத் தசை 2006 ஏப்ரலிலேயே பிறந்து ஒன்பது மாதம் ஆகியிருக்கும். இரண்டாவது, 2018 மாசியில் அப்பாவுக்கும் அவர் தம்பிக்கும் தோட்டம், கிணறு பாகப்பிரிவினை. கிணற்றுப் பங்கில் பெரிய சண்டை, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. பத்திரத் தேதி கையில் இருக்கிறது. திருக்கணிதப்படி அப்போது கேது புத்தி, கேது இருப்பதோ குடும்ப ஸ்தானமான இரண்டில். வாக்கியப்படி சுக்கிர புத்தி தொடங்கி மூன்று மாதம்.

மூன்றாவது பொருந்தாத சாட்சி. 2014 அக்டோபரில் பெண்ணுக்கு டெங்கு, பத்து நாள் ஆஸ்பத்திரி. திருக்கணிதப்படி சனி புத்தி, சனி பன்னிரண்டில், ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்லலாம். வாக்கியப்படி புதன் புத்தி, புதன் ஆறில், நோய் என்று சொல்லலாம். இரண்டுக்கும் ஒத்துவருகிற நிகழ்ச்சியால் எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு மூன்றும் பொருந்தியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் இரண்டுதான் பொருந்தியது.

இரண்டு நிகழ்ச்சியை வைத்து ஒரு பஞ்சாங்கமே சரி என்று நான் சொல்லவில்லை. இந்தச் சாதகத்துக்கு, இந்த நேரத்துக்கு, 5 வருஷம் 3 மாதம் 26 நாள் இருப்பை வைத்து மேலே போகலாம் என்று முடிவெடுத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது கணிப்பு

இங்கேதான் முதல் தடவை செய்யாத ஒரு வேலையைச் செய்தேன். ஏழுக்குடையவன், ஏழில் இருப்பவன், ஏழைப் பார்ப்பவன், காரகன், இரண்டுக்குடையவன், இவர்கள் வீட்டில் நிற்பவன் என்று கல்யாணம் தரத்தக்க கிரகங்களை எல்லாம் எழுதினால் புதன், சுக்கிரன், சந்திரன், செவ்வாய் நால்வரும் வந்துவிடுகிறார்கள். 22 வயதிலிருந்து ராகு தசை முடியும் 2024 டிசம்பர் வரை 100 மாதம். அதில் இந்த நால்வர் புத்தியும் சேர்ந்து 76 மாதத்துக்கு மேல். அதாவது எதையும் பார்க்காமல் ஒருவர் விரலை வைத்தாலே நாலில் மூன்று தடவை "கல்யாணம் தரும் புத்தி"யில்தான் விழும். அப்படி விழுந்ததைப் பலித்தது என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? கணிப்பு என்றால் அதைவிடக் குறுக்க வேண்டும்.

குறுக்கியது இப்படி. புதன் புத்தி 2017 ஜூனில் முடிந்துவிட்டது, அதன் பெரும்பகுதியில் பெண் காலேஜில் இருந்தாள். ஏழுக்குடையவன் புத்திதான், ஆனால் படிக்கிற பெண்ணுக்கு யாரும் வரன் பார்க்கவில்லை. சுக்கிரனும் முடிந்துவிட்டது. நடப்பது சூரிய புத்தி, 2022 ஜூன் முதல் வாரம் வரை, ஆறுக்குடையவன் ஆறிலேயே ஆட்சி, வேலைக்கு நல்லது, கல்யாணத்துக்கு உதவமாட்டான். அடுத்தது சந்திரன், 2023 டிசம்பர் வரை. ஐந்துக்குடையவன், உச்சம், தன் நட்சத்திரத்திலேயே இருக்கிறான், நிற்கும் வீடு சுக்கிரனுடையது, அந்தச் சுக்கிரன் இருப்பது ஏழில். ராகுவுக்கும் வீடு கொடுத்தவன் அதே சுக்கிரன்தான். சுக்கிரன் தன் புத்தியில் கொடுக்க முடியாததை தன் வீட்டில் பலமாக இருக்கும் சந்திரன் வழியாகக் கொடுப்பான் என்று எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதோடு 2022 ஏப்ரலில் குரு மீனத்துக்கு வந்து 2023 ஏப்ரல் வரை இருப்பார், லக்னத்தில் நின்று ஏழாம் வீட்டை நேராகப் பார்ப்பார், ராசிக்குப் பதினொன்று. அஷ்டமச் சனியும் போய்விட்டது. புத்தியும் குருவும் ஒன்றாக விழும் காலம் 2022 ஜூன் முதல் 2023 ஏப்ரல் வரை, பத்தரை மாதம். அதைச் சொன்னேன்.

அம்மா விடவில்லை. "அதுலயும் எந்த மாசமுங்க?" என்றார். அந்தரம் போட்டுப் பார்த்து, குரு அந்தரம் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை, அதற்குள் தாலி ஏறும் என்று சொல்லிவிட்டேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது, காரணம் கீழே வருகிறது.

நடுவில் வந்த ஒரு இடம்

2021 கார்த்திகையில் கோபி பக்கம் ஒரு மாப்பிள்ளை வந்தார். குடும்பம் நல்ல குடும்பம், தோஷமும் ஒத்த தோஷம், அங்கேயும் எட்டில் ராகு. தையிலேயே முடிக்க வேண்டும் என்று கேட்டார்கள், பாட்டி ஒருவர் படுக்கையில் இருந்தார். நோட்டு எழுதிய ஊர் ஜோசியரிடம் கேட்டால் சந்திர புத்தி பிறந்துவிட்டது, தாராளமாகச் செய்யலாம் என்றார். என்னிடம் கேட்டபோது நான் சொன்ன வார்த்தை இது: "என் கணக்குப்படி ஆனிக்கு மேலதான் கூடிவரும், முடிஞ்சா தள்ளிப் பாருங்க." வீட்டில் போய் அது "ஜோசியரு வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு" என்று ஆகிவிட்டது. கோபிக்காரர்கள் காத்திருக்கவில்லை, அந்தப் பையனுக்கு மாசியில் வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது.

இதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. அந்த இடத்தில் கொடுத்திருந்தால் சூரிய புத்தியில் நன்றாகவே நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம், அதை யாரும் பின்னால் போய்ப் பார்க்க முடியாது. நான் தள்ளச் சொன்னதால் அது நடக்கவில்லை, நடக்காததால் என் கணக்கு சரி என்று ஆகிறது. நானே ஒரு கையைக் கொடுத்து நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா நிற்கிறது என்று சொல்வதற்கு இது கிட்டத்தட்ட சமம்.

கல்யாணம்

2022 புரட்டாசி கழிந்து பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சாதகம் வந்தது. ஐப்பசியில் பெண் பார்த்தார்கள், கார்த்திகையில் உறுதி வார்த்தை. 2023 தை கடைசியில், பிப்ரவரி முதல் வாரம், காங்கேயத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம், அருமைக்காரர் வந்து சீர் எல்லாம் முறைப்படி நடந்தது. சந்திர புத்தியில், குரு மீனத்தில் இருக்கும்போது. சொன்ன பத்தரை மாதத்துக்குள் விழுந்தது.

அந்தரம் விழவில்லை. ஜனவரி கடைசியில் குரு அந்தரம் முடிந்து, தாலி ஏறியது சனி அந்தரத்தில். உறுதி வார்த்தை குரு அந்தரத்தில்தானே நடந்தது என்று எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறுதல் சொன்னார். நான் சொன்னது தாலி, ஆகவே தவறியது தவறியதுதான். யோசித்துப் பார்த்தால் தவறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சந்திர புத்தி 18 மாதம், அதில் ஒரு அந்தரம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை. இந்தச் சாதகத்தில் ஒரு நாழிகைப் பிசகு இரண்டு மாதம் என்று மேலே சொன்னேன். அளக்கிற கோலே இரண்டு மாதம் ஆடும்போது ஒரு மாதத்தை எப்படி அளப்பது? செல்போனில் சாதகம் போட்டால் அந்தரம் முடியும் மணி, நிமிடம் வரை காட்டுகிறது, அதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் மயங்குகிறார்கள், கொடுத்த பிறந்த நேரம் யாரோ ஒரு நர்ஸ் வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது என்பதை அது காட்டாது.

பெண் சொன்னது

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது பெண்ணும் மாப்பிள்ளையும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவளிடம் நான் நேரில் பேசுவது அதுதான் முதல்முறை. நாலு வருஷமாக அவள் சாதகம் என் மேசையில் இருந்திருக்கிறது, அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் சொன்னாள்: "2019ல எனக்கே இஷ்டமில்லீங்கய்யா. வேலைல சேர்ந்து மூணு வருஷம்கூட ஆகல, விடச் சொன்னாங்க. அப்புறம் போன வருஷம் டீம் லீடர் ஆக்குனாங்க, இவரு வேலைக்குப் போகட்டும்னு முதல் நாளே சொல்லிட்டாரு, நானே அம்மாகிட்ட சரின்னேன்."

வேலை உயர்வு வந்தது 2022 மேயில், சூரிய புத்தியின் கடைசி மாதம். ஆறாம் வீட்டுச் சூரியன் வேலையைக் கொடுத்துவிட்டுப் போனான், சந்திரன் கல்யாணத்தைக் கொடுத்தான் என்று நான் எழுதலாம், அழகாகவே பொருந்தும். ஆனால் தசை என்று ஒன்றே தெரியாத ஒருவர்கூட இந்தப் பெண்ணிடம் அரைமணி நேரம் பேசியிருந்தால், வேலையில் கால் ஊன்றியபின், வேலையை விடச் சொல்லாத இடம் வந்தால் ஒத்துக்கொள்வாள் என்று 2019இலேயே சொல்லியிருப்பார். எந்தக் காரணத்தால் நடந்தது என்று இந்த ஒரு சாதகத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

இனிமேல் மாற்றிக்கொண்டவை

கல்யாண காலம் கேட்டு வருகிற சாதகத்துக்கு இப்போது முதல் வேலை இருப்பைத் திரும்பப் போடுவதுதான், யார் எழுதிய நோட்டாக இருந்தாலும் சரி. வாக்கியம், திருக்கணிதம் இரண்டிலும் போட்டு வித்தியாசத்தைப் பெற்றவர்களிடம் மாதக் கணக்கில் சொல்லிவிடுகிறேன். சில சாதகத்தில் அது ஒரு மாதம்கூட இருக்காது, அப்போது இந்தப் பேச்சே வேண்டியதில்லை. நடந்த காரியங்களை நோட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதி வாங்குகிறேன், ஞாபகத்தைவிட டி.சி.யையும் பத்திரத்தையும் நம்புகிறேன். அந்தரம் சொல்வதை நிறுத்திவிட்டேன். சண்டை போட்டே கேட்பவர்கள் உண்டு, இருந்தாலும் புத்தியோடும் குரு சஞ்சாரத்தோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

நல்ல இடம் ஒன்று கையில் இருக்கும்போது தசையை மட்டும் காரணம் காட்டித் தள்ளச் சொல்வதில்லை. பொருத்தம் இருக்கிறதா, பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்திருக்கிறதா, அப்படியானால் செய்யுங்கள், முகூர்த்தத்தை நல்லதாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத பெரியவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு அவர்கள் காரணம் இருக்கும். சொல்வதை வாயால் சொல்லி அனுப்புவதும் இல்லை, ஒரு தாளில் "இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை, இதற்கு முன் வந்தாலும் வேண்டாம் என்று அர்த்தமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அப்புறம், சாதகத்துக்கு உரியவர் வராமல் கல்யாணக் காலம் பார்ப்பதில்லை. வர முடியாவிட்டால் போனிலாவது பேசிவிடுகிறேன்.

2024இல் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அப்பாக்காரர் பிரசவ அறைக்கு வெளியே நின்றுகொண்டு நர்ஸைக் கேட்டு நேரத்தை நிமிடத்தோடு வாங்கி எனக்கு அனுப்பினார். புது நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எந்தப் பஞ்சாங்கம் என்று கீழே குறித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் குழந்தைக்கு வித்தியாசம் 19 நாள்.